கேள்வி-பதில் தளங்களில் எழுதி வாசகரை நம் பக்கத்துக்கு வரவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல், நிலப் பத்திரம், பைக் ரிப்பேர், மாடித்தோட்டம் என்று ஏதோ ஒன்றைப் பற்றித் தமிழில் சொந்தப் பக்கம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நான் எழுதுவது மாடித்தோட்டம் பற்றி என்பதால் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்தே வரும்.

கோரா, ரெடிட், ஃபேஸ்புக் குரூப், டெலிகிராம்னு எத்தனையோ இருக்கு. எதுல எழுதுறது?

ஒரே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் எழுதும் பதிலை, ஆறு மாதம் கழித்து அதே பிரச்சினையோடு கூகுளில் தேடுகிற ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் அங்கே நேரம் செலவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவிலும், உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும் ஃபேஸ்புக் குழுவிலும் எழுதுவது தேடலில் வராது. அங்கே சிரத்தையாக எழுதிய பதில் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடும். கேட்டவருக்கு உதவி கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் அடுத்து வருகிறவர் மீண்டும் கேட்பார், நீங்கள் மீண்டும் எழுத வேண்டும்.

கோராவின் தமிழ்ப் பகுதி (ta.quora.com) வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு கேள்வியும் தனிப் பக்கம், கேள்வியே அதன் தலைப்பு. மக்கள் கூகுளில் தட்டச்சு செய்வதும் ஏறக்குறைய அதே சொற்களைத்தான். ரெடிட்டும் பொதுவெளிதான், ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் நடக்கிறது. பல கேள்வி-பதில் தளங்களின் தொகுப்பான ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் தோட்டக்கலைக்கென்றே தனித் தளம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத வருமானால் அங்கே ஒரு நல்ல பதிலுக்கு ஆயுள் அதிகம்.

உங்கள் துறைக்கு எங்கே கேள்விகள் குவிந்திருக்கின்றன என்று பார்க்க, கூகுளில் இப்படித் தேடுங்கள்:

```
site:ta.quora.com மாவுப்பூச்சி
site:ta.quora.com மாடித்தோட்டம் மண் கலவை
```

எங்கே எழுதினாலும் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். யாஹூ ஆன்சர்ஸ் 2021 மே மாதம் மூடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மக்கள் எழுதிச் சேர்த்தவை அந்தத் தளத்தோடு போயின.

தினமும் அவ்வளவு கேள்வி வருது. எதுக்குப் பதில் எழுதணும்னு எப்படி முடிவு பண்றது?

புதிய கேள்விகளைத் துரத்துவதுதான் பலரும் செய்வது. புதுக் கேள்விக்கு எழுதினால் அந்தத் தளத்துக்குள் இருப்பவர்கள் ஓரிரு நாள் பார்ப்பார்கள், நாலு அப்வோட் விழும், அப்புறம் அடங்கிவிடும். உங்கள் பக்கத்துக்கு ஆள் வருவது பெரும்பாலும் பழைய கேள்விகளில் இருந்துதான்.

ஏனென்று கேட்டால், தேடலில் ஏற்கெனவே மேலே நிற்கும் பழைய கேள்விப் பக்கத்துக்குத் தினமும் புதிய ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே கிடைப்பது “வேப்பெண்ணெய் அடியுங்கள்” என்ற ஒற்றை வரி. எவ்வளவு, எப்போது, எத்தனை முறை என்று எதுவும் இல்லை. அந்த இடத்தில் முழுமையான ஒரு பதில் வந்து நின்றால் படிக்கிறவர் அதை விடமாட்டார்.

ஆகவே தேடும்போது தளத்தின் பெயரைச் சேர்க்காமல், பிரச்சினையை மட்டும் தேடுங்கள். உங்கள் பழைய தேடல்கள் முடிவைப் பாதிக்காமல் இருக்க, பிரவுசரில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். “செம்பருத்தி மொட்டு உதிர்கிறது” என்று தேடினால் முதல் பக்கத்தில் ஏதாவது கேள்வி-பதில் தளம் வருகிறதா? வந்தால் உள்ளே போய் இருக்கும் பதில்களைப் படியுங்கள். அவை அரைகுறையாக இருந்தால், கேள்வி மூன்று வருடம் பழசானாலும் அதுதான் நீங்கள் எழுத வேண்டிய இடம். ஏற்கெனவே நல்ல பதில் ஒன்று இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் ஒரு விவரம் விடுபட்டிருந்தால் அந்தப் பதிலின் கீழே கருத்தாகச் சொல்லுங்கள். எழுதியவரும் மதிப்பார், படிக்கிறவரும் உங்கள் பெயரைக் கவனிப்பார்.

இன்னொன்று. “இயற்கை உரம் நல்லதா, ரசாயன உரம் நல்லதா?” போன்ற கருத்துக் கேள்விகளுக்குக் கூட்டம் சேரும், விவாதம் சூடாகும். ஆனால் அதைப் படித்துவிட்டு ஒருவர் கூட உங்கள் பக்கத்தைத் தேடி வரமாட்டார். கையில் வாடிய செடியோடு நிற்கிறவர்தான் வருவார்.

பதிலை எப்படி எழுதணும்? ஒரு உதாரணத்தோட சொல்லுங்க.

கேள்வி இது என்று வைத்துக்கொள்வோம்: “செம்பருத்திச் செடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, மொட்டெல்லாம் உதிர்கிறது. என்ன செய்யலாம்?”

நாம் அடிக்கடி பார்க்கும் பதில் ஒன்று: “இது மாவுப்பூச்சித் தாக்குதல். இதைக் கட்டுப்படுத்தும் பத்து வழிகளை என் பக்கத்தில் விரிவாக எழுதியிருக்கிறேன்.” கீழே ஓர் இணைப்பு. இதைப் பார்த்ததும் கேட்டவருக்கு எரிச்சல்தான் வரும். அவர் கேட்டது வழி, கிடைத்தது விளம்பரம்.

இப்போது நல்ல பதில் எப்படி நகரும் என்று பார்ப்போம். முதல் இரண்டு வரியிலேயே விடை வந்துவிட வேண்டும், ஏனென்றால் பட்டியலில் அவ்வளவுதான் தெரியும். மீதியைப் படிக்க ஒருவர் அழுத்தித் திறக்க வேண்டும். “அது மாவுப்பூச்சி. அதிகம் தாக்கிய நுனிகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று வாரம் அடியுங்கள்.” இவ்வளவு போதும். வணக்கம், கேள்விக்கு நன்றி, செம்பருத்தியின் மருத்துவ குணங்கள் எதுவும் முன்னால் வேண்டாம்.

அடுத்து, அது மாவுப்பூச்சிதான் என்று அவரே உறுதி செய்துகொள்ள ஒரு வழி சொல்லுங்கள். பஞ்சை ஒரு குச்சியால் விலக்கினால் உள்ளே மெதுவாக நகரும், நீள்வட்டமான, மென்மையான பூச்சி தெரியும். இலை பிசுபிசுவென்று இருக்கும், தண்டில் எறும்பு வரிசை போகும். எறும்பும் பிசுபிசுப்பும் இல்லாமல் மொட்டு மட்டும் உதிர்ந்தால், தண்ணீர் சீராக இல்லாததையோ வெயிலையோ சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு பத்திதான் உங்களைத் தெரிந்தவராகக் காட்டும். மருந்தின் பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எது நோய், எது நோயில்லை என்று பிரித்துக் காட்டுவது அனுபவம் உள்ளவருக்குத்தான் வரும்.

பிறகு அளவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால், காதி சோப்புக் கரைசல் மாதிரி மென்மையான சோப்பு சில துளிகளை முதலில் எண்ணெயில் கலந்து, பிறகு தண்ணீரில் சேர்க்க வேண்டும். மாலையில் அடிக்க வேண்டும், வெயிலில் அடித்தால் இலை கருகும். ஓர் இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கு அடிப்பது நல்லது. இலையின் அடிப்பக்கமும் கணு இடுக்கும் நனைய வேண்டும்.

ஏன் மூன்று வாரம் என்பதையும் சொல்லுங்கள். பெண் பூச்சி முட்டைகளைப் பஞ்சுப் பைக்குள் இடுகிறது, கரைசல் அதற்குள் சரியாக இறங்காது. முதல் தெளிப்பில் தப்பிய முட்டைகள் அடுத்த ஓரிரு வாரத்தில் பொரிக்கும். அந்தக் குஞ்சுகளுக்கு மெழுகுப் படலம் சரியாக உருவாகாததால் அவை எளிதில் சாகும். காரணம் தெரிந்தவர் இரண்டாவது தெளிப்பைத் தள்ளிப்போடமாட்டார். அதேபோல எறும்பையும் விளக்க வேண்டும்: பூச்சி சுரக்கும் இனிப்பான நீருக்காக எறும்பு அதைப் பாதுகாக்கிறது, எதிரிப் பூச்சிகளை விரட்டுகிறது. எறும்பைத் தடுக்காமல் மருந்து மட்டும் அடித்தால் பூச்சி திரும்பி வரும்.

கடைசியாக, இந்த வழி எங்கே வேலை செய்யாது என்று. தொட்டியில் இருந்து செடியை லேசாக உருவிப் பாருங்கள். வேரிலும் வெள்ளையாக இருந்தால் இலைக்கு அடிக்கும் கரைசல் போதாது, மண்ணையே மாற்ற வேண்டும்.

இதெல்லாம் இருநூறு, முந்நூறு சொல்லில் அடங்கும். நீங்கள் எடுத்த ஒரு படம் சேர்த்தால் இன்னும் நல்லது. இணையத்தில் எடுத்த படம் வேண்டாம்.

எல்லாத்தையும் பதில்லயே சொல்லிட்டா, என் பக்கத்துக்கு எதுக்கு வருவாங்க?

இந்தப் பயம் எல்லோருக்கும் வருகிறது. அதனால்தான் பாதியைச் சொல்லி மீதியை ஒளித்துவைக்கிறார்கள். ஆனால் பாதிப் பதிலைப் படித்தவர் மீதிக்காக உங்களிடம் வருவதில்லை, கீழே இருக்கும் அடுத்த பதிலுக்குப் போகிறார்.

பிரிக்க வேண்டியது வேறு இடத்தில். கேட்ட கேள்விக்கு உரிய விடை முழுவதும் பதிலில் இருக்க வேண்டும். அந்த விடை மனதில் எழுப்பும் அடுத்த கேள்வி உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். மாவுப்பூச்சி விஷயத்தில், பதிலைப் படித்தவருக்கு அடுத்து என்ன தோன்றும்? “என் செடி தேறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?” உங்கள் பக்கத்தில் ஒரே செடியை முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று எடுத்த படங்களை வரிசையாகப் போடுங்கள். அத்தனை படத்தைப் பதிலில் போட முடியாது. அப்புறம், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வரும் என்று ஓர் அட்டவணை. அதுவும் பதிலில் அடங்காது.

சற்று ஆர்வம் கூடுதலாக இருப்பவர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிப் பெரிய சேதம் செய்தது. மருந்துக்குக் கட்டுப்படாத அதை 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்த அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது. செம்பருத்தியையும் அந்தப் பூச்சி தாக்கும். பதிலில் இதற்கு ஒரு வரி, முழுக் கதை உங்கள் பக்கத்தில். பூச்சியைக் கொல்ல வந்தவர், பூச்சியைத் தின்னும் பூச்சியைப் பற்றிப் படித்துவிட்டுப் போவார். அவர்தான் மறுபடியும் வருவார்.

இணைப்பைக் கொடுக்கும் வரியில், அங்கே என்ன இருக்கிறது என்று சரியாகச் சொல்லுங்கள்: “இதே சிகிச்சையில் ஒரு செடி மூன்று வாரத்தில் எப்படி மாறியது என்ற படங்கள் இங்கே.” மேலும் அறிய, இங்கே சொடுக்கவும் என்றெல்லாம் எழுதினால் யாரும் சொடுக்குவதில்லை. முக்கியமாக, இணைப்பு அந்தக் குறிப்பிட்ட கட்டுரைக்குப் போக வேண்டும், உங்கள் முகப்புப் பக்கத்துக்கு அல்ல.

லிங்க் கொடுத்தா கூகுள்ல என் பக்கம் மேல வருமா?

அந்த எண்ணத்தில் எழுதாதீர்கள். இத்தகைய தளங்கள் உறுப்பினர் போடும் வெளி இணைப்புகளில் பொதுவாக `rel="nofollow"` அல்லது `rel="ugc"` என்ற குறியைச் சேர்த்துவிடுகின்றன. “இந்த இணைப்புக்கு நாங்கள் சாட்சி சொல்லவில்லை” என்று தேடுபொறிக்குத் தெரிவிப்பது அது. முதலாவது 2005-இல், கருத்துப் பெட்டிகளில் இணைப்புகளைக் கொட்டியவர்களைத் தடுக்க வந்தது. இரண்டாவது, வாசகர் எழுதியது என்று தனியாகக் காட்ட 2019-இல் வந்தது.

அதனால் நூறு பதிலில் நூறு இணைப்பு வைப்பதால் தேடலில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. இணைப்பின் பயன் அதைச் சொடுக்கி வரும் மனிதர்தான். இதைப் புரிந்துகொண்டால் எத்தனை இணைப்பு வைப்பது என்ற கவலையே போய்விடும். நான் பெரும்பாலான பதில்களில் இணைப்பே வைப்பதில்லை. படித்துப் பிடித்தவர்கள் பெயரைச் சொடுக்கி என் அறிமுகப் பக்கத்துக்கு வருகிறார்கள், அங்கே முகவரி இருக்கிறது.

என் பதிலை நீக்கிட்டாங்க. தப்பா எதுவும் எழுதலையே, ஏன்?

உங்கள் கடைசிப் பத்துப் பதில்களைத் திறந்து வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே முகவரிக்கு இணைப்பு இருக்கிறதா? பல கேள்விகளுக்கு ஒரே பத்தியை ஒட்டியிருக்கிறீர்களா? இணைப்பை எடுத்துவிட்டால் பதிலில் ஒன்றும் மிஞ்சவில்லையா? மாடரேட்டர்கள் ஒரு பதிலை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, ஆளின் போக்கைப் பார்க்கிறார்கள். தனியாகப் பார்த்தால் குற்றமற்ற பதிலும் அந்த வரிசையில் ஸ்பேமாகத் தெரியும்.

ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் இது இன்னும் கடுமை. சில பேர் ஸ்பேம் என்று கொடி காட்டினால் பதிவு தானாக நீங்கும், எழுதியவரின் மதிப்பெண்ணில் நூறு குறையும். ரெடிட்டில் ஒவ்வொரு குழுவுக்கும் தனி விதி உண்டு. சில குழுக்களில் சொந்தப் பக்கத்தின் இணைப்பே கூடாது. எழுதும் முன் ஓரத்தில் இருக்கும் விதிகளைப் படித்துவிடுங்கள்.

சுருக்கிய முகவரிகளும் சந்தேகத்தைக் கிளப்பும். எங்கே போகிறது என்று தெரியாத இணைப்பைப் பல தளங்களின் வடிகட்டி தானாகவே தடுத்துவிடும்.

நான் விதையும் வேப்பெண்ணெயும் விக்கிறேன். அதைச் சொல்லணுமா? சொன்னா நம்புவாங்களா?

சொல்லித்தான் ஆக வேண்டும். “நான் மாடித்தோட்டப் பொருட்கள் விற்கிறேன், இந்தக் கரைசலுக்கு எந்தக் கடை எண்ணெயும் சரிதான்” என்று ஒரு வரி போதும். ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் உங்கள் பொருளையோ பக்கத்தையோ குறிப்பிட்டால் அது உங்களுடையது என்று பதிலிலேயே சொல்ல வேண்டும் என்பது விதி. அறிமுகப் பக்கத்தில் சொல்லியிருப்பது போதாது.

நீங்களே சொன்னால் அது ஒரு தகவல். நீங்கள் சொல்லாமல், இன்னொருவர் கருத்தில் வந்து “இவர் விற்கிற ஆள்” என்று எழுதினால், நீங்கள் சொன்ன அளவு, காரணம் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும். பழைய பதில்களும் சேர்த்துத்தான்.

அறிமுகத்துல ‘தோட்டக்கலை நிபுணர்’னு போட்டுக்கலாமா?

வேண்டாம். கோராவில் பெயரோடு ஒரு வரி அறிமுகம் தெரியும், அதைத் தலைப்புக்கு ஏற்ப மாற்றவும் முடியும். அங்கே பட்டத்தை விட, சரிபார்க்கக்கூடிய ஒரு விவரம் பேசும். “சேலத்தில் மொட்டை மாடியில் காய்கறியும் பூச்செடியும் வளர்ப்பவர்” என்றால், நம்ம ஊர் வெயிலில் செய்து பார்த்தவர் என்று படிப்பவருக்குப் புரியும். தோட்டக்கலையில் பட்டம் படித்திருந்தால் தாராளமாக அதையே போடுங்கள்.

நண்பரை விட்டுக் கேள்வி கேட்க வெச்சு, நானே பதில் எழுதலாமா?

கூடாது. இரண்டு கணக்கும் சேர்ந்து போகும். ஆனால் உங்கள் பெயரிலேயே கேள்வி கேட்டு உங்கள் பெயரிலேயே பதில் எழுத ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் வெளிப்படையாக அனுமதிக்கிறது. உண்மையிலேயே மக்கள் கேட்கும் கேள்வி அங்கே இல்லை என்றால் அப்படிச் செய்யுங்கள்.

என் கட்டுரையை அப்படியே பதிலா ஒட்டிடலாமா?

கட்டுரை வேறு, பதில் வேறு. கட்டுரையில் முன்னுரை, பின்னணி எல்லாம் இருக்கும். பதிலில் விடை முதல் வரியில் வேண்டும். அது மட்டுமல்ல, ஒரே வாசகம் இரண்டு இடத்தில் இருந்தால் தேடலில் பொதுவாக ஒன்றுதான் காட்டப்படும். பெரிய தளமும் உங்கள் பக்கமும் மோதினால் நீங்கள் பின்னால் போகும் வாய்ப்பு அதிகம். ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் போடுவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்: உங்கள் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

என் பதில்ல இருந்துதான் ஆள் வர்றாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சாதாரண இணைப்பாக வைத்தால் பாதிதான் தெரியும். மொபைல் ஆப்பில் இருந்து சொடுக்கி வருகிறவர்கள் பலர், எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவல் இல்லாமல் ‘நேரடி வருகை’ கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். முகவரியின் பின்னால் ஒரு வாலைச் சேர்த்தால் இது தெளிவாகும்:

```
https://example.com/mavupoochi?utm_source=quora&utm_medium=answer&utm_campaign=sembaruthi
```

கூகுள் அனலிட்டிக்ஸ் இதைப் படித்து, எந்தப் பதிலில் இருந்து வந்தார் என்று காட்டும். `utm_campaign` என்ற இடத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் வேறு பெயர் கொடுங்கள். ஒரே மாதிரி எழுத்தில் எழுதுங்கள். `Quora`, `quora` இரண்டும் தனித்தனி வரியாக வந்துவிடும்.

எண்ணிக்கையை விட, வந்தவர் என்ன செய்தார் என்று பாருங்கள். வந்தவர்கள் சில விநாடிகளில் திரும்பினால், பதிலில் நீங்கள் சொன்னதும் பக்கத்தில் இருப்பதும் பொருந்தவில்லை என்று அர்த்தம். மூன்று வாரப் படங்கள் என்று சொல்லிவிட்டு, படத்துக்கு முன்னால் இரண்டு திரை அளவுக்கு முன்னுரை வைத்திருப்பீர்கள். படங்களை மேலே கொண்டுவாருங்கள். வந்தவர் இரண்டாவது கட்டுரையும் படித்தால் அந்த வகைக் கேள்விகளுக்கு இன்னும் எழுதலாம்.

எழுதி முடிச்ச பதிலைத் திரும்பப் பார்க்கணுமா?

கருத்துகளை முதல் வாரம் தவறாமல் பாருங்கள். “சோப்புக் கரைசல் அடித்ததும் இலை மஞ்சளாகிவிட்டது” என்று ஒருவர் எழுதினால், எந்தச் சோப்பு, எவ்வளவு என்று கேளுங்கள். துணி துவைக்கும் பவுடரைக் கலந்திருப்பார். உடனே பதிலுக்குள் “டிடர்ஜென்ட் வேண்டாம்” என்று ஒரு வரி சேருங்கள். அடுத்து வருகிறவர் கருத்துகளைப் படிக்கமாட்டார், பதிலைத்தான் படிப்பார்.

கோராவில் ஒத்த கேள்விகளை ஒன்றாக இணைத்துவிடுவார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். “செம்பருத்தி மொட்டு உதிர்வு” என்பதற்கு எழுதியது, “செம்பருத்தி பூக்கவில்லை” என்ற கேள்வியின் கீழே போய் நிற்கலாம். அப்போது “நீங்கள் சொன்ன பஞ்சு” என்று தொடங்கும் பதில் தலையும் காலும் புரியாமல் இருக்கும். எந்தச் செடி, என்ன அறிகுறி என்பது பதிலின் முதல் வரியிலேயே இருந்தால் எங்கே போனாலும் நிற்கும். மாதம் ஒருமுறை உங்கள் பதில்களைத் திறந்து, எந்தக் கேள்வியின் கீழே இருக்கின்றன, இணைப்பு இன்னும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் கட்டுரையின் முகவரியை மாற்றினால், பழைய முகவரியில் இருந்து புதியதற்குத் திருப்பிவிட மறக்காதீர்கள். பதில்களில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் பழைய முகவரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.